பாலத்தை வெட்டுவதா, விடுவதா: அறச்சிக்கல் குவெஸ்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ கேமில் இரண்டு வழிகளைக் காட்டி "எது வேண்டும்?" என்று பிளேயரிடம் கேட்பது எளிது. எந்த வழியில் போனாலும் ஒன்றை இழக்க வேண்டும், அந்த இழப்பின் முழு அளவும் பல மணி நேர ஆட்டத்துக்கு அப்புறம்தான் தெரிய வேண்டும் என்றால், அங்கேதான் வேலை கடினமாகிறது. நான் எழுதித் திருத்திய ஒரு குவெஸ்ட்டை வைத்தே சொல்கிறேன்.

ஆற்றங்கரையில் ஓர் ஊர். அக்கரையில், மலைமேல் பன்னிரண்டு வீடுகள். நடுவில் ஒரு தொங்குபாலம். இரவில் அக்கரைப் பாதை வழியே கொள்ளையர்கள் வருகிறார்கள். மலைக்குடியில் எடுக்க எதுவும் இல்லாததால் அதை அவர்கள் தொட மாட்டார்கள், குறி ஊர்தான். பாலத்தை வெட்டினால் ஊர் தப்பும், ஆனால் மலைக்குடி துண்டாகிவிடும். வெட்டாமல் பாலத்து முனையில் நின்று சண்டை போட்டாலும் ஊர் தப்பும், ஆனால் மூன்று காவலர்கள் சாவார்கள்.

முதல் வடிவத்தில் நான் செய்த தவறு, இரண்டு பக்கத்திலும் உயிர்க் கணக்கை வைத்தது. மூன்று காவலர்கள் ஒரு பக்கம், மலையில் சாகக்கூடிய ஏழெட்டுப் பேர் மறுபக்கம். ஆடியவர்கள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மூன்று ஏழைவிடச் சிறியது, அவ்வளவுதான். இழப்புகள் ஒரே வகையாக இருந்தால் அது அறச்சிக்கல் ஆகாது, கழித்தல் கணக்காகிவிடும். அதனால் வகையை மாற்றினேன். காவலர்களில் ஒருவன் பிளேயருக்கு வில் கற்றுக்கொடுத்தவன்; அவன் இறந்தால், அவன் கற்றுத்தர வேண்டிய கடைசி வித்தையும் போய்விடும். மலையில் இருப்பது மருத்துவச்சி. அவளிடம்தான் பிளேயர் அதுவரை மருந்து வாங்கிவந்தார். ஒரு பக்கம் ஒரு மனிதன், மறுபக்கம் ஒரு முழுக் குடியின் வாழ்வு. இரண்டும் பிளேயரின் கை ஏற்கெனவே தொட்டவை. முன்பின் பார்க்காத காவலன் செத்தால் யாருக்கும் வலிக்காது.

அடுத்த தவறு, இழப்பை எடுத்துவிட்டுப் பின்வாசல் வழியே திருப்பிக் கொடுப்பது. பாலத்தை வெட்டிய பிளேயர்மேல் பரிதாபப்பட்டு, சில காட்சிகள் கழித்து ஒரு படகோட்டியைக் கொண்டுவந்தேன். மலைக்குடியினர் படகில் வந்துபோகத் தொடங்கினார்கள். அந்த ஒரு படகு குவெஸ்ட்டையே கொன்றுவிட்டது. 2007-இல் வந்த பயோஷாக் கேமில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். அதில் புதுத் திறன்களை வாங்க உதவும் ஆடம் என்ற பொருள் சில சிறுமிகளின் உடலில் இருக்கிறது; அவர்களைக் கொன்று எடுத்தால் ஆளுக்கு 160 ஆடம், காப்பாற்றினால் 80. பாதிக்குப் பாதி இழப்பு போலத் தெரியும். ஆனால் மூன்று பேரைக் காப்பாற்றினால் 200 ஆடம் பரிசாக வரும். மூவரைக் கொன்றால் 480, காப்பாற்றினால் 440, கூடவே வேறு பொருள்களும். கருணை காட்டியதற்கு நிஜமான விலை என்று எதுவும் இல்லாமல் போகிறது. அந்த கேமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் இந்த இடத்தில் அது பயந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நீங்கள் வடிவமைக்கும் குவெஸ்ட்டில், முடிவெடுத்த பிறகு கிடைக்கும் பரிசுகளையும் தள்ளுபடிகளையும் இரு பக்கமும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழப்பு சுத்தமாக அழிந்திருந்தால் அங்கே ஒரு படகோட்டி ஒளிந்திருக்கிறார்.

இப்போது தாமதத்துக்கு வருவோம். விளைவு உடனே தெரிந்தால் பிளேயர் பழைய சேவுக்குப் போய் மற்ற வழியை எடுத்துவிடுவார். அதே 2007-இல் வந்த தி விட்சர் இதற்கு நல்ல வழி காட்டியது. முதல் அத்தியாயத்தில் ஆற்றங்கரையில் ஒரு சரக்குக்குக் காவல் இருக்கிறோம். கிளர்ச்சியாளர்கள் வந்து அதைக் கேட்கிறார்கள். கொடுத்தால் அங்கேயே எதுவும் நடப்பதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில், நம் விசாரணைக்கு உதவக்கூடிய ஒருவன் அவர்கள் கையால் கொல்லப்படுகிறான். அதற்குள் பல மணி நேரம் ஆடியிருப்போம்; திரும்பிப் போக மனம் வராது.

ஆனால் தாமதம் கூடக்கூட மறதியும் கூடும். இது பலர் கவனிக்காத தவறு. நான் மலைக்குடியின் கதையை ஆறு மணி நேரம் தள்ளி, குளிர்காலப் பகுதியில் வைத்தேன். கணவாயைக் கடக்க வழிகாட்டி தேவை. மலைக்கு ஏறிப்போனால் வீடுகள் காலி, வாசல்களில் பனி. சோதனைக்கு ஆட வந்த ஒருவர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவங்களுக்கு என்ன ஆச்சு? நான் இந்தப் பக்கம் வரவே லேட் பண்ணிட்டேனா?" பாலம் அவருக்கு நினைவிலேயே இல்லை. காரணம் தெரியாத விளைவு வெறும் சோகக் காட்சிதான்.

தி விட்சர் இந்த இடத்தில் பழைய முடிவைப் படங்களாகக் காட்டி, நாயகன் குரலில் நினைவூட்டும். அது ஒரு வழி. எனக்கு அதைவிட, நடுவில் இருக்கும் நேரத்தில் தடயங்களை விடுவது பிடித்திருக்கிறது. வெட்டிய பாலத்தின் கயிறுகள் ஆற்றில் தொங்கிக்கொண்டே இருக்கட்டும். பிளேயர் ஊருக்கு வரும்போதெல்லாம் கண்ணில் படும். இரண்டு மணி நேரம் கழித்து, அக்கரையில் ஒரு பெண் கையசைத்துக் கத்துகிறாள். ஆற்றுச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான்காவது மணியில் மலையில் புகை எழும் வீடுகள் ஐந்தாகக் குறைந்திருக்கின்றன. எந்த இடத்திலும் குவெஸ்ட் குறிப்பு வருவதில்லை. அப்புறம் காலி வீட்டுக்குள் நுழையும்போது யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "எல்லாம் நீ பாலத்தை வெட்டியதால்" என்று ஒரு முதியவரை விட்டுச் சொல்ல வைத்திருந்தேன். அந்த வசனத்தை நீக்கியதும் காட்சி பலமடங்கு கனமானது.

எதிர்ப்பக்கம் காலியாக இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. டிசைனர் தனக்குப் பிடித்த முடிவுக்கு மட்டும் பின்விளைவு எழுதுவார். மற்றதுக்கு ஒரு வரி வசனம். பாலத்தை வெட்டாதவர்களுக்கும் நான் பிறகுதான் எழுதினேன். மூன்று காவலர்கள் போனதால் ஊர் கூலிப்படையை அமர்த்துகிறது. முதலில் அவர்கள் பாலத்தில் சுங்கம் வாங்குகிறார்கள், அப்புறம் மலைக்குடியினரைத் திருப்பி அனுப்புகிறார்கள், குளிர்காலத்தில் அதிகப் பணம் கொடுத்தவனுக்கு ஊர்க்கதவைத் திறந்துவிடுகிறார்கள். இது திடீர்த் திருப்பம் அல்ல. முடிவெடுப்பதற்கு முன்பே ஊர்த்தலைவர் "இந்த மூணு பேரை விட்டா நமக்குக் காவலுக்கு ஆளில்லை" என்று சொல்லியிருப்பார். விளைவின் திசை முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாகவும், அதன் முழு வடிவம் ஊகிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். காவலனைக் காப்பாற்றியதால் எங்கோ எரிமலை வெடித்தது என்றால் பிளேயர் தன்னை அல்ல, உங்களைத்தான் குறை சொல்வார்.

கடைசியாக ஒரு தொழில்நுட்பத் தவறு. முடிவை ஆம், இல்லை என்று ஒரே ஃப்ளாக்கில் சேமித்தால், குவெஸ்ட்டைத் தொடாமலே கடந்து போனவரும் "வெட்டவில்லை" என்ற கணக்கில் விழுவார். சண்டையே நடக்காத ஊரில் கூலிப்படை நிற்கும். மூன்று நிலைகள் வேண்டும்:

```
bridge = NOT_DECIDED | CUT | HELD
```

நடந்த செயலை மட்டும் சேமியுங்கள்; `village_sad = true` போல விளைவைச் சேமிக்காதீர்கள். பின்காட்சிகளை நீங்கள் பத்து முறை மாற்றி எழுதுவீர்கள், அப்போதும் பழைய சேவ்கள் சரியாக வேலை செய்யும். `NOT_DECIDED` நிலையில் குளிர்காலத்துக்கு வருபவருக்கு என்ன நடக்கும் என்பதையும் எழுதிவையுங்கள். என் குவெஸ்ட்டில் அவர் வரும்போது ஊர் எரிந்து கிடக்கும், பாலம் மட்டும் முழுசாக இருக்கும்.