காற்புள்ளியால் ஒட்டிய வாக்கியங்கள்: மாணவர் அறிக்கையைத் திருத்துவது எப்படி?

மாணவர் அறிக்கைகளை வருடக்கணக்கில் திருத்தி வருகிறேன். அதிகம் கண்ணில் படும் தவறு எழுத்துப்பிழை இல்லை. முடிந்துபோன வாக்கியத்தை முடிக்காமல், ஒரு காற்புள்ளியைப் போட்டு அடுத்த வாக்கியத்தோடு ஒட்டிவிடுவதுதான். சில இடங்களில் அந்தக் காற்புள்ளிகூட இருக்காது. இரண்டு வாக்கியங்கள் நேராக மோதிக்கொண்டு நிற்கும். ஆங்கில வகுப்பில் முதலாவதை கமா ஸ்ப்ளைஸ் என்பார்கள், இரண்டாவதை ரன்-ஆன் என்பார்கள். தமிழில் இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே வழி போதும்.

ஒரு மாணவர் எழுதக்கூடிய பத்தி இது:

> நாங்கள் இரண்டு தொட்டிகளில் பத்துப் பத்து அவரை விதைகளை விதைத்தோம், ஒரு தொட்டியை ஜன்னல் ஓரம் வைத்தோம், இன்னொன்றை இருட்டான அலமாரியில் வைத்தோம் ஏழாம் நாள் உயரத்தை அளந்தோம், அலமாரிச் செடிகள் உயரமாக இருந்தன, ஆனால் இலைகள் மஞ்சளாக இருந்தன, தண்டு மெலிந்திருந்தது இதன் காரணம் ஒளி இல்லாமை.

முதல் படி: வினைமுற்றுகளுக்கு அடிக்கோடு

"வாசிக்கும்போது மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி போடு" என்று பலருக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். இந்தத் தவறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாக்கியம் முடியும் இடத்திலும் மூச்சு விடுகிறோம், நடுவிலும் விடுகிறோம். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆகவே காதை நம்பாமல் வினைச்சொல்லைப் பாருங்கள்.

தமிழ் இதில் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. "வைத்தோம்" என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது, அது வினைமுற்று. "வைத்து", "வைத்தபோது", "வைத்தால்" என்றால் இன்னும் ஏதோ வரவேண்டும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லுக்கு அப்புறம் உள்ளதைக் கையால் மறைத்துவிட்டு, அதுவரை வாசியுங்கள். "ஒரு தொட்டியை ஜன்னல் ஓரம் வைத்தோம்" என்பது தனியாக நிற்கிறது. "ஒரு தொட்டியை ஜன்னல் ஓரம் வைத்து" என்பது தொங்குகிறது.

மேலே உள்ள பத்தியில் விதைத்தோம், வைத்தோம், வைத்தோம், அளந்தோம், இருந்தன, இருந்தன, மெலிந்திருந்தது என்று ஏழு வினைமுற்றுகள் உள்ளன. கடைசிப் பகுதியில் வினையே இல்லை. ஆனாலும் "இதன் காரணம் ஒளி இல்லாமை" முழு வாக்கியம்தான். இங்கே "இல்லாமை" என்ற பெயரே பயனிலையாக நிற்கிறது. இந்த வகையை மறந்துவிடாதீர்கள், வினையை மட்டும் தேடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஆக மொத்தம் எட்டு வாக்கியங்கள், ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

இரண்டு இடங்களில் ஏமாறாமல் இருக்க வேண்டும். "இருட்டில் வளர்ந்தது மஞ்சளாக இருந்தது" என்பதில் "வளர்ந்தது" வினைமுற்று மாதிரி தெரியும். இங்கே அதற்கு "வளர்ந்த செடி" என்று பொருள். அது பெயராக வேலை செய்கிறது, அங்கே வாக்கியம் முடியவில்லை. அதேபோல் "விதைகள் முளைத்தன என்று குறித்தோம்" என்பதில் "முளைத்தன" என்ற சொல்லை "என்று" பிடித்து அடுத்த வினையோடு கட்டிவிடுகிறது. அதுவும் ஒரே வாக்கியம்தான்.

இரண்டாம் படி: மூட்டுகளைப் பார்ப்பது

எட்டு வாக்கியங்கள் என்றால் இடையில் ஏழு மூட்டுகள். ஐந்தில் காற்புள்ளி இருக்கிறது. "அலமாரியில் வைத்தோம் ஏழாம் நாள்", "மெலிந்திருந்தது இதன் காரணம்" ஆகிய இரண்டில் எதுவும் இல்லை. இந்த இரண்டு இடங்களிலும் வாசிப்பவர் தடுக்கி, திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: மூட்டுக்கு ஏற்ற மருந்து

எல்லாக் காற்புள்ளிகளையும் முற்றுப்புள்ளியாக மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் எட்டுத் துண்டுகளாக நிற்கும் பத்தி எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்று காட்டாது. அதனால் ஒவ்வொரு மூட்டிலும் பொருளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

விதைத்தது ஒரு வேலை, தொட்டிகளை வைத்தது இன்னொரு வேலை. அங்கே முற்றுப்புள்ளி போதும். இரண்டு தொட்டிகளுக்கும் ஒரே வினை என்பதால் ஒரு "வைத்தோம்" போதும், இடங்களை "உம்" சேர்த்துக் கட்டிவிடலாம். உயரமாக இருந்ததும் மஞ்சளாக இருந்ததும் முரண்படும் செய்திகள். "ஆனால்" என்ற சொல்லுக்கு முன்னால் காற்புள்ளி போதாது, அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். முரண்படும் இரண்டும் ஒரே செடியைப் பற்றியவை என்பதால் நான் அரைப்புள்ளியைத் தேர்ந்தெடுப்பேன்.

அளந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். வினைமுற்றை எச்சமாக்கினால் ஒட்டிவிடலாம் என்று தெரிந்ததும் மாணவர்கள் இப்படி எழுதுவார்கள்:

> ஏழாம் நாள் உயரத்தை அளந்து, அலமாரிச் செடிகள் உயரமாக இருந்தன.

நிறுத்தக்குறி சரி, வாக்கியம் தவறு. "அளந்து" என்று எழுதினால், அளந்தவரே அடுத்த வினையையும் செய்கிறார் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் செடிகளே உயரத்தை அளந்ததாக ஆகிறது! செய்பவர் மாறும்போது "அளந்தபோது" என்று எழுதுங்கள். "மழை பெய்து பயிர் விளைந்தது" போல, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக வரும் வாக்கியங்களில் செய்பவர் மாறினாலும் பொருந்தும். செடியை அளந்ததால் அது உயரமாகிவிடவில்லையே.

திருத்திய பத்தி:

> நாங்கள் இரண்டு தொட்டிகளில் பத்துப் பத்து அவரை விதைகளை விதைத்தோம். ஒரு தொட்டியை ஜன்னல் ஓரத்திலும் இன்னொன்றை இருட்டான அலமாரியிலும் வைத்தோம். ஏழாம் நாள் உயரத்தை அளந்தபோது, அலமாரிச் செடிகள் மற்றவற்றைவிட உயரமாக இருந்தன; ஆனால், அவற்றின் இலைகள் மஞ்சளாகவும் தண்டு மெலிந்தும் இருந்தன. இதன் காரணம் ஒளி இல்லாமை.

"மற்றவற்றைவிட" என்ற சொல்லை நான் சேர்த்தேன். முன்பு எதைவிட உயரம் என்று மாணவர் சொல்லவே இல்லை. வாக்கியங்கள் ஒட்டிக் கிடந்தபோது அந்த ஓட்டை தெரியவில்லை, பிரித்ததும் தெரிந்தது.

எந்தக் காற்புள்ளி குற்றமற்றது?

"அளந்தபோது" என்பதற்குப் பின்னால் வரும் காற்புள்ளி சரியானது, ஏனென்றால் அங்கே வாக்கியம் முடியவில்லை. பட்டியலில் வரும் காற்புள்ளியும் சரி. கதையில் "வந்தான், பார்த்தான், போனான்" என்று ஒருவரே அடுக்கடுக்காகச் செய்வதை வேகத்துக்காக அப்படி எழுதலாம். நான் இதே கட்டுரையிலும் சில குறுகிய வாக்கியங்களைப் பேச்சின் ஓட்டத்துக்காகக் காற்புள்ளியால் இணைத்திருக்கிறேன். பள்ளி இலக்கணம் அங்கே அரைப்புள்ளியைக் கேட்கும். ஆய்வு அறிக்கையில் எந்தச் செயல் எங்கே முடிந்தது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால் அங்கே இந்தச் சலுகை வேண்டாம்.

நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இருபத்தைந்து சொல் உள்ள வாக்கியத்தில் ஒரே ஒரு முற்று இருந்தால் அது சரியான வாக்கியம். "விதைத்தோம், வளர்ந்தன." என்பது இரண்டே சொல், ஆனால் ஒட்டு வாக்கியம். நீளத்துக்குப் பயந்தவர்கள் எதிர்த்தவறும் செய்வார்கள்: "ஏழாம் நாள் உயரத்தை அளந்தபோது." என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். கையால் மறைக்கும் சோதனை இதையும் காட்டிக்கொடுக்கும்.

திருத்தி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். நம் பத்தியில் இப்போது நான்கு வினைமுற்றுகள், ஒரு பெயர்ப் பயனிலை, ஆக ஐந்து. நான்கு முற்றுப்புள்ளிகள், ஓர் அரைப்புள்ளி, அதுவும் ஐந்து. எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் இன்னும் ஒரு மூட்டு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது வாக்கியம் முடியாத இடத்தில் புள்ளி விழுந்திருக்கிறது.