ஒரே குடுவையில் இரண்டு முடிவுநிலைகள்: சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த மாதிரியைத் தரம்பார்த்தல்

ஆப்ப சோடாவை வாணலியில் இட்டு அரைகுறையாக வறுத்தால், அதன் ஒரு பகுதி நீராவியையும் கார்பன் டைஆக்சைடையும் விட்டுச் சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். மறு பகுதி பைகார்பனேட்டாகவே இருக்கும். இப்படிக் கிடைத்த வெள்ளைத் தூளில் எது எவ்வளவு என்பதை ஒரு பியூரெட்டையும் இரண்டு நிறங்காட்டிகளையும் கொண்டு கண்டுபிடிப்பதையே இங்கே படிப்படியாக விளக்குகிறேன். செய்முறை எளிது, ஆனால் முதல் முடிவுநிலையில் நேரும் சிறு பிழை விடையில் இரட்டித்து வரும் என்பதால், அந்த இடத்தில் சற்று அதிகமாகவே நிற்கப் போகிறேன்.

அமிலம் கார்பனேட்டுடன் இரண்டு கட்டங்களாக வினைபுரிகிறது.

```
Na2CO3 + HCl → NaHCO3 + NaCl
NaHCO3 + HCl → NaCl + H2O + CO2
```

முதல் கட்டம் முடியும்போது கரைசலின் pH ஏறத்தாழ 8.3 ஆக இருக்கும். அப்போது பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறைகிறது. இரண்டாவது கட்டம் முடியும்போது pH 4-ஐ ஒட்டி இறங்கும். மெத்தில் ஆரஞ்சின் மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறுவது அங்கேதான். மாதிரியில் முன்பே இருந்த பைகார்பனேட் முதல் கட்டத்தில் பங்கெடுக்காமல் காத்திருந்து, கார்பனேட்டிலிருந்து புதிதாகப் பிறந்த பைகார்பனேட்டுடன் சேர்ந்து இரண்டாவது கட்டத்தில் வினைபுரியும். கணக்கு முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

கரைசலைத் தயாரித்தல்

மாதிரியில் 1.65 கிராம் நிறுத்து, 250 மி.லி. அளவுக்குடுவையில் கரைத்து, குறிவரை நீர் நிரப்பிக் குலுக்குங்கள். வாலைவடிநீரை முன்பே கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். திறந்து கிடந்த நீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு, கார்பனேட்டின் ஒரு பங்கைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடும். தூள் விரைவில் கரையட்டும் என்று கரைசலைச் சூடாக்குவதும், ஈரம் போகட்டும் என்று தூளை அடுப்பில் உலர்த்துவதும் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள். இரண்டிலும் பைகார்பனேட் சிதைந்து கார்பனேட் கூடிவிடும்; அதாவது, அளக்க வந்த பொருளையே அளப்பதற்கு முன் மாற்றிவிடுகிறோம்.

பியூரெட்டில் 0.100 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நிரப்புங்கள். அதன் செறிவைத் தூய, உலர்ந்த சோடியம் கார்பனேட்டைக் கொண்டு முன்பே சரிபார்த்திருக்க வேண்டும்.

முதல் முடிவுநிலை

பிப்பெட்டால் 25 மி.லி. கரைசலைக் கூம்புக்குடுவையில் எடுத்து, பினாப்தலீன் 2 துளிகள் விடுங்கள். மெத்தில் ஆரஞ்சை இப்போதே சேர்த்துவிடக் கூடாது. அதன் மஞ்சளும் பினாப்தலீனின் சிவப்பும் கலந்தால் எது மறைந்தது என்று கண்ணுக்குப் புலப்படாது.

அமிலத்தை மெதுவாக, குடுவையை இடைவிடாமல் சுழற்றியபடி விட வேண்டும். அவசரப்பட்டு ஒழுகவிட்டால், துளி விழுந்த இடத்தில் மட்டும் அமிலம் மிகுந்து, அங்குள்ள பைகார்பனேட்டை நேரே கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடுகிறது. அந்த வாயு கரைசலை விட்டு வெளியேறினால், அதற்குச் செலவான அமிலம் கார்பனேட்டின் கணக்கில் ஏறிவிடும். இதைத் தடுக்கக் குடுவையைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் குளிர்ச்சியாகத் தரம்பார்ப்பதும் உண்டு. குளிர்ந்த நீர் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நிறம் சட்டென்று மறையாது என்பதுதான் அடுத்த தொல்லை. ஆழ்ந்த சிவப்பு வெளுத்து, மிக மெல்லிய சாயலாக நெடுநேரம் தங்கி, பிறகே போகிறது. தூய பைகார்பனேட் கரைசலிலும் பினாப்தலீன் மங்கிய சாயலைக் காட்டும் என்பதால், நிறம் அறவே போகும்வரை அமிலம் விட்டால் எல்லையைத் தாண்டியிருப்போம். ஆகவே ஓர் ஒப்பீட்டுக் குடுவையைப் பக்கத்தில் வையுங்கள். தோராயமாக ஒரு முறை தரம்பார்த்தால் எவ்வளவு பைகார்பனேட் உண்டாகும் என்பது தெரிந்துவிடும். நம் மாதிரிக்கு, வறுக்காத தூய ஆப்ப சோடா 0.14 கிராமை 35 மி.லி. நீரில் கரைத்து, அதே 2 துளி பினாப்தலீன் விட்டால் போதும். இரண்டு குடுவைகளையும் வெள்ளைத் தாளின்மேல் வைத்து, சாயல் ஒன்றாகும் துளியில் நிறுத்துங்கள். என் மாதிரியில் அந்த அளவீடு 9.80 மி.லி.

இரண்டாவது முடிவுநிலை

பியூரெட்டை மீண்டும் நிரப்பாமல், மெத்தில் ஆரஞ்சு 2 துளிகள் சேர்த்துத் தொடருங்கள். மஞ்சள் ஆரஞ்சை நோக்கித் திரும்பத் தொடங்கும்போது நிறுத்தி, குடுவையை ஓரிரு நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடும் ஓர் அமிலம் என்பதால் அது நிறமாற்றத்தை முன்கூட்டியே தூண்டிவிடுகிறது. அது வெளியேறியதும் கரைசல் மறுபடி மஞ்சளாகும். பிறகு துளித்துளியாக விட்டால் நிறம் தெளிவாகத் திரும்பும். இந்தக் கட்டத்தில் கொதிக்க வைப்பது சரி. முதல் முடிவுநிலைக்கு முன்பு செய்தால் அதுவே பெரும்பிழை. எனக்குக் கிடைத்த இறுதி அளவீடு 26.40 மி.லி.

கணக்கு

V2 என்பது முதல் முடிவுநிலையிலிருந்து இரண்டாவது வரை செலவான அமிலம். சுழியிலிருந்து எண்ணியது அன்று. இதில் தடுமாறாதவர்கள் குறைவு.

```
V1 = 9.80
V2 = 26.40 − 9.80 = 16.60
V2 − V1 = 6.80
```

கார்பனேட்டுக்குரியது V1, முன்பே இருந்த பைகார்பனேட்டுக்குரியது V2 − V1. 9.80 மி.லி. அமிலம் 0.980 மில்லிமோல் கார்பனேட்டைக் குறிக்கிறது; 106-ஆல் பெருக்கினால் 25 மி.லி.யில் 103.9 மில்லிகிராம், 250 மி.லி.யில் 1.039 கிராம். பைகார்பனேட் 0.680 மில்லிமோல், 84-ஆல் பெருக்க 57.1 மில்லிகிராம், முழுக் கரைசலில் 0.571 கிராம். ஆக, மாதிரியில் கார்பனேட் 63.0%, பைகார்பனேட் 34.6%. எஞ்சிய 2.4% பெரும்பாலும் ஈரமாக இருக்கலாம். ஆனால் இந்தத் தரம்பார்த்தல் அதைச் சொல்லாது.

பிழை எங்கே ஒளிந்திருக்கிறது

முதல் முடிவுநிலையை 0.20 மி.லி. தாமதமாக, 10.00-இல் கண்டதாக வைத்துக்கொள்வோம். இறுதி அளவீடு மாறாது, அதே 26.40 தான். ஆனால் V2 16.40 ஆகக் குறைந்து, V2 − V1 6.40 ஆகிவிடும். கார்பனேட்டில் 2% பிழை. பைகார்பனேட்டிலோ ஏறத்தாழ 6%. V1-இல் கூடியதே V2-இல் குறைவதால், கழிக்கும்போது பிழை இருமடங்காகிறது. பைகார்பனேட் குறைவாக உள்ள மாதிரிகளில் இது இன்னும் கொடுமையாக இருக்கும். அத்தகைய மாதிரிகளுக்கு இந்த முறையை நான் நம்புவதில்லை.

குறைந்தது மூன்று முறை செய்து அளவீடுகளை அருகருகே எழுதிப் பாருங்கள். இறுதி அளவீடுகள் 26.40, 26.45, 26.40 என ஒத்துவர, V1 மட்டும் 9.80, 10.10, 9.90 என அலைந்தால், கோளாறு சுழற்றுவதிலோ பினாப்தலீனின் சாயலைக் கண்டறிவதிலோ இருக்கிறது. இறுதி அளவீடே அலைந்தால் பிப்பெட்டையும் மெத்தில் ஆரஞ்சு முடிவுநிலையையும் சந்தேகியுங்கள். V2, V1-ஐவிடக் குறைவாகவே திரும்பத் திரும்ப வருமானால், அது பைகார்பனேட் கலந்த மாதிரியே அன்று. கார்பனேட்டுடன் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது, கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.