ஷாக் வகைகளைத் தோல் சூட்டிலிருந்து எழுதுங்கள்

மீட்டல் தாளில் ஷாக், அதாவது உறுப்புகளுக்குக் குருதி போதாமல் போகும் நிலையின் வகைகளைப் பெயர் வரிசையில் எழுதாமல், முதல் வரியில் 'கை குளிரா, சூடா?' என்று போட்டுப் பிரியுங்கள். அப்புறம் நாடி, கழுத்து நாளம். குருதி அமுக்கம் எல்லா வகையிலும் குறையக்கூடியது, அதை வைத்துப் பிரிக்க முடியாது.

குருதி இழந்தாலோ இதயம் தளர்ந்தாலோ உடல் தோலின் குழாய்களைச் சுருக்கும். கை குளிர்ந்து வியர்க்கும், நாடி ஓடும். இரண்டையும் பிரிப்பது கழுத்து நாளம்: குருதி இழந்தவருக்குத் தட்டை, இதயம் தளர்ந்தவருக்குப் புடைப்பு. பின்னவருக்கு சேலைனை வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். கிருமித்தொற்றின் தொடக்கத்திலும் கடும் ஒவ்வாமையிலும் குழாய்களே விரிவதால் கை சூடு, நாடி வேகம். முள்ளந்தண்டில் அடிபட்டால் கை சூடாக உலர்ந்திருக்கும், நாடியோ மெதுவாகும்.

மூதூரில் பனையிலிருந்து விழுந்தவர் என்று ஒரு கேள்வி வைத்துப் பாருங்கள். அமுக்கம் 80/50, நாடி 52, கால் அசையவில்லை, தோல் சூடு: முள்ளந்தண்டு. அதே ஆளுக்கு நாடி 130, கை குளிர் என்றால் எங்கோ குருதி போகிறது, வயிற்றையும் இடுப்பையும் பாருங்கள்.

தொற்று முற்றினால் கையும் குளிர்ந்துவிடும், அங்கே இந்தப் பிரிவு உதவாது. நாடியை மெதுவாக்கும் அட்டெனோலோல் எடுப்பவரின் நாடியையும் நம்ப வேண்டாம். டெங்குவுக்குத் தனி வரி போடுங்கள்: 100/80 பார்க்கச் சரிபோலத் தெரியும், ஆனால் இடைவெளி 20தான், அதுவே ஷாக்.