துபாயில் கார் கடன்: 3 சதவீதம் என்று சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

லைசென்ஸ் கையில் வந்த வாரமே கார் வாங்கத் தோன்றும். இந்த வெயிலில் அது நியாயம்தான். பேப்பர் வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. எமிரேட்ஸ் ஐடி, லைசென்ஸ், சம்பளச் சான்றிதழ், சில மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அவ்வளவுதான். காரின் விலையில் 20 சதவீதம் கையிலிருந்து கட்ட வேண்டும், கடன் அதிகபட்சம் 60 மாதம், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இது மத்திய வங்கி விதி, எந்த பேங்க் போனாலும் இதேதான்.

சிக்கல் வட்டி விகிதத்தில் இருக்கிறது. என் நண்பன் ஒருவன் 60,000 திர்ஹம் கடன் கேட்டு இரண்டு இடத்தில் விசாரித்தான். ஒரு பேங்கில் 5.25 சதவீதம், ரெட்யூசிங். ஷோரூமில் தமிழ் பேசும் சேல்ஸ்மேன் காட்டிய பேங்கில் 3 சதவீதம், ஃப்ளாட். ஊர்க் கணக்கில் 3 சதவீதம் என்றால் கால் ரூபாய் வட்டி. கால் ரூபாய் வட்டிக்கு எவன் கொடுப்பான் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ஆனால் ஊரில் ரூபாய் வட்டிக்கு வாங்கினால்கூட அசலில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்த அடுத்த மாதம் வட்டியும் பாதியாகிவிடும். ரெட்யூசிங் என்பதும் இதுதான், பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி. ஃப்ளாட்டில் அது நடக்காது. முதல் நாள் வாங்கிய 60,000க்கே ஐந்து வருடமும் வட்டி போடுவார்கள். வருடம் 1,800, ஐந்து வருடத்துக்கு 9,000. மொத்தம் 69,000, அதை 60ஆல் வகுத்தால் மாதம் 1,150 திர்ஹம். நான்கு வருடம் கட்டி முடித்த பிறகு உண்மையில் பாக்கி இருப்பது சுமார் 13,400தான், அந்தக் கடைசி வருடத்துக்கும் 60,000க்கான அதே 1,800 வட்டிதான் கணக்கில் ஏறியிருக்கிறது.

இந்த 1,150 தவணையை ரெட்யூசிங் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் வருட வட்டி 5.64 சதவீதம் வருகிறது. கால் ரூபாய் இல்லை, கிட்டத்தட்ட அரை ரூபாய் வட்டி. அவன் வேண்டாம் என்று விட்டுவந்த 5.25இல் தவணை சுமார் 1,139தான், ஐந்து வருடத்தில் 650 திர்ஹம் மிச்சமாகியிருக்கும். போனில் எக்செல் இருந்தால் ஷோரூமிலேயே நின்று பார்த்துவிடலாம்:

```
=RATE(60,-1150,60000)*12
```

முதலில் மாத எண்ணிக்கை, அடுத்து தவணை, கடைசியில் கடன் தொகை. பிராசஸிங் ஃபீஸ் 600 பிடித்தால் உங்கள் கைக்கு வருவது 59,400தான், கடைசி இடத்தில் அதைப் போடுங்கள். விகிதம் 6ஐத் தாண்டிவிடும். இஸ்லாமிய பேங்கில் வட்டி என்று சொல்லாமல் லாப விகிதம் என்பார்கள், அங்கேயும் தவணையை வைத்து இதே கணக்கைப் போட்டால் போதும்.

உண்மையான அடி இரண்டு வருடம் கழித்துத்தான் விழுந்தது. அம்மாவுக்கு முடியாமல் போக, அவன் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினான். இங்கே கடனை அடைத்து அடமானத்தை நீக்காமல் காரை விற்க முடியாது. மாதம் அசலில் ஆயிரம் குறையும் என்று சேல்ஸ்மேன் சொல்லியிருந்ததால், 24 மாதத்தில் 24,000 போக 36,000 பாக்கி என்று நினைத்துக் காருக்கு விலை பேசி முடித்துவிட்டான். பேங்க் கொடுத்த லயபிலிட்டி லெட்டரில் 38,005 என்று இருந்தது. கடன் கொடுக்கும்போது வட்டியை ஃப்ளாட்டில் சொல்கிறார்கள், பாக்கி எவ்வளவு என்று கேட்டால் ரெட்யூசிங்கில் சொல்கிறார்கள். ரெட்யூசிங்கில் ஆரம்ப மாதங்களின் தவணையில் வட்டிப் பங்கு அதிகம், அசல் மெதுவாகத்தான் கரையும். அதற்கு மேல் முன்கூட்டி அடைப்பதற்கு 1 சதவீதம், இன்னொரு 380. டிக்கெட் போட்டுவிட்டு நிற்கிறவனுக்கு இரண்டாயிரத்து சொச்சம் திர்ஹம் சின்னக் காசு இல்லை. அந்த சேல்ஸ்மேன் தெரியாமல் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்ம ஆள் என்று நம்பினால் இப்படியா செய்வது என்று இன்றைக்கும் கோபம் வருகிறது.

அதனால் கையெழுத்துக்கு முன்னால் ரீபேமெண்ட் ஷெட்யூல் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அந்த பேங்க் வேண்டாம். அதில் முதல் மாத வரியை மட்டும் பாருங்கள். ஃப்ளாட்டில் சொன்னபடி என்றால் வட்டி 150 இருக்க வேண்டும். ஆனால் அங்கே 282 என்றும் அசல் 868 என்றும் இருக்கும். அந்த 282ஐ 12ஆல் பெருக்கி 60,000ஆல் வகுத்தால் அதே 5.64 வந்து நிற்கும். அப்புறம், இடையில் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம் என்று கொஞ்சமாவது தோன்றினால், 24ஆம், 36ஆம் மாத வரிகளில் உள்ள பாக்கியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு விலை பேசும் அன்றைக்கு அந்த எண்ணை வைத்துத்தான் பேச வேண்டும்.