ஃப்ளாண்டர்ஸ் முறையில் வகுப்பைப் பதிய ஒரு எளிய வழி

வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் பேசுவதை வகைக்கு ஒரு எண்ணாகக் குறிக்கும் ஃப்ளாண்டர்ஸ் அட்டவணையில் 3 வினாடிக்கு ஒரு எண் எழுத, கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். 3 வினாடிக்கு ஒருமுறை ‘டிக்’ ஒலிக்கும்படி போனில் பதிந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனில் கேளுங்கள். நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கண் வகுப்பிலேயே இருப்பதால், ஆசிரியர் கேள்வி கேட்டு (4), மாணவர் பதில் சொல்லி (8), ஆசிரியர் பாராட்டும் (2) சின்னத் தொடர்கூட நழுவாது. ஒரு நிமிடத்துக்கு 20 ‘டிக்’. வரியில் 17 எண்தான் இருக்கிறதா? மூன்றை விட்டுவிட்டீர்கள். 20-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை. 3 வினாடிக்குள் பேச்சு மாறினால் இரண்டையும் எழுத வேண்டும் என்பதுதான் விதி.

குழுவாக வேலை செய்யும் வகுப்புக்கும் ஆய்வக வகுப்புக்கும் இது சரிவராது. அங்கே ஒரே நேரத்தில் பலர் பேசுவார்கள், இந்த அட்டவணையோ ஒருவர் பேச்சை மட்டுமே பிடிக்கும்.