கண்டக்டரின் டிரிப் ஷீட்டை எக்செலில் ஏற்றிக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

டிக்கெட் மெஷின் இல்லாத பஸ்ஸில் கண்டக்டர் கையால் எழுதும் டிரிப் ஷீட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முதலில் தெரிய வேண்டியது: அந்தத் தாளில் எத்தனை டிக்கெட் விற்றது என்று எங்கும் இருக்காது. ஒவ்வொரு ஸ்டேஜிலும், ஒவ்வொரு விலை டிக்கெட் கட்டிலும் அடுத்துக் கிழிக்க வேண்டிய டிக்கெட்டின் எண்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் கடைசி மூன்று இலக்கம் மட்டும். இரண்டு ஸ்டேஜ் எண்களைக் கழித்தால் விற்பனை வரும். எழுதியிருப்பது இன்னும் விற்காத டிக்கெட்டின் எண் என்பதால், கழித்த பிறகு ஒன்று கூட்டக் கூடாது.

ஷீட்டில் இருப்பதை அப்படியே ஏற்றுங்கள். முதல் வரியில் டிக்கெட் விலை, இரண்டாவது வரியில் புறப்படும்போது இருந்த எண்கள். நான் எடுத்துக்கொண்ட டிரிப் இது (ரூ. 5, ரூ. 8, ரூ. 12 டிக்கெட்டுகள்):

```
ஸ்டேஜ்   5    8    12
1       412  967  230
2       418  975  239
3       421  981  243
4       430  992   "
5       437  004   "
```

ரூ. 12 பத்தியில் இருக்கும் அந்தக் குறிக்கு ‘மேலே உள்ளதேதான்’ என்று பொருள். சிலர் அதற்குப் பதில் கோடு போடுவார்கள். அதை சைபராகவோ காலியாகவோ விடாமல், 243 என்றே மறுபடி அடிக்க வேண்டும். விட்டால் கீழே வரும் சூத்திரம் விற்காத 757 டிக்கெட்டை விற்றதாகக் காட்டும்.

992-க்குப் பிறகு 004 வருவது பிழையல்ல. 999 தாண்டி 000-க்கு வந்திருக்கிறது, விற்றது 12. இதற்காகத்தான் 1000-ஆல் வகுத்து மீதியைத் தரும் MOD. E பத்தியில் டிக்கெட், F பத்தியில் வசூல், மூன்றாவது வரியிலிருந்து கீழே இழுத்துவிடுங்கள்:

```
E3: =SUMPRODUCT(MOD(B3:D3-B2:D2,1000))
F3: =SUMPRODUCT(MOD(B3:D3-B2:D2,1000),$B$1:$D$1)
```

விடை 23, 13, 20, 19 டிக்கெட், ரூ. 202, 111, 133, 131. மொத்தம் 75 டிக்கெட், ரூ. 577. இரண்டாவது ஸ்டேஜ் வரியில் வந்த 23 பேர் முதல் ஸ்டேஜில் ஏறியவர்கள் என்பதை மறக்காதீர்கள். எந்த ஸ்டேஜில் கூட்டம் என்று பார்க்கிறவர்கள் இங்கே ஒரு ஸ்டேஜ் தள்ளிப் படித்துவிடுவார்கள்.

இப்போது சரிபார்ப்பு. கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் 25, 37, 13. விலையால் பெருக்கினால் 125, 296, 156. கூட்டினால் அதே 577. கணக்கு ஒத்துவிட்டது என்று இங்கே நிறுத்தக் கூடாது, விஷயமே இனிமேல்தான் இருக்கிறது.

மூன்றாவது ஸ்டேஜின் 421-ஐ 427 என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் கையெழுத்தில் 1-ம் 7-ம் இப்படித்தான் குழப்பும். அந்த வரியின் வசூல் 111-லிருந்து 141 ஆகும், அடுத்த வரி 133-லிருந்து 103 ஆகும், மொத்தம் அதே 577. நடுவில் இருக்கும் எண் ஒரு வரியில் கூடி அடுத்த வரியில் கழிவதால், மொத்தத்தை எத்தனை முறை கூட்டினாலும் அந்தப் பிழை தெரியாது. மொத்தம் காவல் காப்பது முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டுமே.

ஆனால் அதே 421-ஐ 471 என்று படித்தால் தப்பாது. அடுத்த எண் 430 அதைவிடக் குறைவு, MOD அதை 959 டிக்கெட் என்று காட்டும், மொத்தத்தில் ரூ. 5,000 எகிறும். ஆகவே ஒரு ஸ்டேஜில் ஒரே விலையில் பஸ் கொள்ளாத அளவுக்கு டிக்கெட் வந்தால் ஷீட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

1, 7 மாதிரி சின்னக் குழப்பத்துக்கு ஒரே வழி அதே தாளில் இருக்கும் வேறு சாட்சி. செக்கிங் இன்ஸ்பெக்டர் வழியில் ஏறியிருந்தால் எந்த ஸ்டேஜ், எந்த எண் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அது இல்லாவிட்டால், அதே கண்டக்டர் சந்தேகமில்லாத இடத்தில் 7-ஐ எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஃபோட்டோவிலிருந்து எழுத்தைப் படிக்கும் ஆப்களை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. மேற்கோள் குறியை அவை 11 என்று படித்து வைக்கும். ஒருவர் வாசிக்க, ஒருவர் அடிப்பதே வேகம்.

பின்சேர்க்கை: வழியில் கட்டு தீர்ந்து வேறு வரிசைக் கட்டு எடுத்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பழைய கட்டின் கடைசி எண் வரை ஒரு பத்தி, புதிய கட்டுக்கு அதே விலையில் இன்னொரு பத்தி என்று பிரியுங்கள். புதிய கட்டின் தொடக்க எண்ணை மேல் வரிகள் எல்லாவற்றிலும் நிரப்பிவிட்டால், எடுக்கும் வரை விற்பனை சைபர் என்று வரும். பழைய பத்தியில், கட்டின் கடைசி டிக்கெட்டும் விற்றுவிட்டதால், அதற்கு அடுத்த எண்ணைக் கீழ் வரிகள் எல்லாவற்றிலும் போட வேண்டும். ஒன்று கூட்டுகிற ஒரே இடம் இதுதான்.

இன்னொருவருக்கு ஷீட்டின் அடியில் எழுதிய தொகை, எக்செலில் வந்த மொத்தத்தைவிடக் குறைவாக இருந்ததாம். படி, டீசல் என்று கையிலிருந்து கொடுத்ததைக் கழித்த பிறகு எழுதிய தொகையா என்று முதலில் பாருங்கள். அதையும் கூட்டிய பிறகு குறைந்தால்தான் அது ஷார்ட்.