காப்பகப் பூனைக்குட்டிகளை மூன்று வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி?

காப்பகத்தில் கூண்டு நிறைய குட்டிகள் இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் குறைவு. அதனால் தத்துக்குப் போகும் வயது வரும்வரை சில குட்டிகளைத் தன்னார்வலர் வீட்டில் விட்டு வைப்பார்கள். இதைத்தான் ஃபாஸ்டர் என்கிறார்கள். பால்குடி மறக்காத குட்டிகளுக்கு ராத்திரியெல்லாம் எழுந்து புட்டிப்பால் கொடுக்க வேண்டும். முதல்முறை செய்பவர்கள் அதை எடுக்க வேண்டாம். ஐந்து வாரமான, தானே சாப்பிடத் தொடங்கிய குட்டிகளைக் கேளுங்கள். கடைசியாக நான் கொண்டுவந்த கருப்பன், சாம்பல், புள்ளி மூன்றும் அந்த வயதுதான். அதை வைத்தே சொல்கிறேன்.

1. கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

பூச்சி மருந்து எந்தத் தேதியில் கொடுத்தார்கள், அடுத்தது எப்போது, தடுப்பூசி போட்டாயிற்றா, இப்போது என்ன சாப்பிடுகிறது, ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, மருத்துவச் செலவு யாருடையது. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேட்டுவிடுங்கள்.

2. தனி அறை, பதினான்கு நாள்

வீட்டில் வேறு பூனை இருந்தால் இதில் சமரசமே கூடாது. எங்கள் ஃபிளாட்டில் சின்ன குளியலறையை ஒதுக்கினேன். தரை டைல்ஸ், சோபா இல்லை, இண்டு இடுக்கில் ஒளிய முடியாது, கழுவவும் சுலபம். வாளியில் தண்ணீர் நிற்கக் கூடாது, கம்மோடு மூடியிருக்க வேண்டும், ஜன்னலுக்கு வலை வேண்டும். ஒரு மூலையில் பக்கவாட்டில் சாய்த்த அட்டைப்பெட்டி, அதற்குள் பழைய துண்டு. எதிர் மூலையில் மணல் தட்டு. சாப்பாடு இரண்டுக்கும் தள்ளி. ஈரம் பட்டால் கட்டியாகிற மணலை இந்த வயதுக்குப் போடாதீர்கள். குட்டிகள் அதைத் தின்று பார்க்கும், வயிற்றில் அடைத்துக்கொள்ளும். கிழித்த செய்தித்தாளே போதும்.

ஏன் பதினான்கு நாள்? பூனைகளுக்கு வரும் பார்வோ வகைக் காய்ச்சல், தொற்றிய பிறகு வெளியே தெரிய அநேகமாக இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகும். அதுவரை குட்டி நன்றாகத்தான் துள்ளும். தடுப்பூசி போடாத குட்டிகளை இது ஒரே நாளில் சாய்த்துவிடும். சானிடைசருக்கு இந்தக் கிருமி சாகாது. தரையை முதலில் சோப்பு போட்டுக் கழுவி, ஐந்து சதவீத பிளீச் திரவத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அலசிக் காயவிட வேண்டும். அதுவரை குட்டிகள் வேறு பெட்டியில் இருக்கட்டும். பினாயில் வேண்டவே வேண்டாம். பாதத்தில் ஒட்டியதை நக்கினால் பூனைக்கு அது விஷம்.

அறைக்கு என்று ஒரு பழைய சட்டையும் செருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் பூனைக்குச் சாப்பாடு, அப்புறம்தான் குட்டிகள். வெளியே வந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முதல்முறை நான் நான்காம் நாளே கதவைத் திறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எங்கள் பூனையின் காதுக்குப் பின்னால் முடி கொட்டி வட்டமாக ஒரு திட்டு, என் முழங்கையில் இன்னொன்று. படர்தாமரை. வீட்டைவிட்டுப் போக இரண்டு மாதம் ஆனது.

3. தினமும் எடை

ஒரு நாளைக்கு நான்கு வேளை: ஊறவைத்த குட்டிப்பூனை உணவும் ஈர உணவும் கலந்து. பசும்பால் வேண்டாம், பேதியாகும். மணல் தட்டைக் காலையும் மாலையும் சுத்தம் செய்யும்போதே மலம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். நாளுக்குப் பத்து, பதினைந்து கிராம் ஏறினால் நல்லது. புள்ளியின் முதல் ஆறு நாள் கணக்கு இது: 430, 425, 438, 450, 451, 446. இரண்டாம் நாள் இறங்கியது இடம் மாறிய பயம். மற்ற இரண்டும் அன்று இறங்கின. ஆனால் ஐந்தாம் நாள் ஏறாமல் நின்று, ஆறாம் நாள் இறங்கியதற்கு அந்தச் சாக்கு இல்லை. அன்று காலையும் புள்ளி என் விரலைத் துரத்தி விளையாடியது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலையில் மலம் தண்ணீராகப் போனது. கொஞ்சம் மலத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். குடலில் ஒட்டுண்ணி, ஒரு வாரம் மருந்து கொடுத்த பிறகு எடை பழையபடி ஏறியது.

எடை இரண்டு நாள் தொடர்ந்து ஏறாவிட்டால் காப்பகத்துக்குச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாலோ, வாந்தியோடு சுருண்டு படுத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு துளிகூடக் கூடாது. நாய்க்கான உண்ணி மருந்தும் அப்படித்தான், பூனையைக் கொன்றுவிடும்.

4. சீறும் குட்டியைப் பழக்குவது

கருப்பனும் புள்ளியும் முதல் நாளே மடியில் ஏறிவிட்டன. சாம்பல் பெட்டியின் கடைசி மூலையில் உட்கார்ந்து, காதை மடக்கிச் சீறியது. சீறுவது கோபமல்ல, பயம். இரண்டு முதல் ஏழு வாரம் வரை மனிதரைப் பழகிக்கொள்ள நல்ல காலம். அதற்குப் பிறகும் பழக்கலாம், நாள் பிடிக்கும்.

சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து மசித்த கோழியை நீளமான கரண்டியின் நுனியில் நீட்டினேன். முதல் நாள் சாம்பல் கரண்டியை அறைந்தது. மூன்றாம் நாள் நக்கியது. அப்புறம் நாளுக்கு நாள் கரண்டியைக் குட்டையாகப் பிடித்து, ஒருவழியாக விரலில் வைத்துக் கொடுத்தேன். நக்கும்போது இன்னொரு கையால் தாடைக்குக் கீழே ஒரே ஒரு தடவல், உடனே கையை எடுத்துவிட வேண்டும். மேலிருந்து தலைக்குக் கை போனால் பருந்து வருகிற மாதிரி அதற்கு. எட்டாம் நாள் துண்டில் சுற்றி மடியில் வைத்தேன். கரண்டி காலியாகும்வரை இருந்து இறங்கிப் போனது. பதினோராம் நாள் இறங்க மனமில்லாமல் குர்குர் என்றது.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. வெறுங்கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். கயிற்றில் கட்டிய துணியை ஆட்டுங்கள். மிக்ஸி சத்தம், அழைப்புமணி, குழந்தைக் குரல் எல்லாம் தூரத்திலிருந்து காதில் விழட்டும்.

கீறலோ கடியோ பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள்.

5. ஒப்படைப்பது

எட்டு வாரம் ஆகி, முதல் தடுப்பூசி போட்டு, எடை ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் குட்டியை விடலாம். யாருக்குக் கொடுப்பது என்பது காப்பகத்தின் முடிவு. ஆனால் குட்டியின் குணம் உங்களுக்குத்தான் தெரியும், அதை மறைக்காமல் சொல்லுங்கள். "சாம்பல் புது ஆளைப் பார்த்தால் ஒளியும், கருப்பன் கூட இருந்தால் வெளியே வரும்" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் ஒரே வீட்டுக்குக் கொடுத்தார்கள். மாடி வீடு என்பதால் பால்கனிக்கு வலை போட்ட படத்தைக் கேட்டு வாங்கினோம்.

கூடவே கொடுக்க வேண்டியவை: எடை நோட்டு, மருந்துத் தேதிகள், ஒரு வாரத்துக்கு அதே உணவு, துவைக்காத அந்தத் துண்டு. துண்டில் குட்டியின் வாசனை இருக்கும், அதனால் துவைத்து மடித்துக் கொடுக்கும் மரியாதை இங்கே வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் ஒரே அறையில் வைக்கச் சொல்லுங்கள்.

குட்டிகளைக் கொடுத்த அன்று ராத்திரி பத்து மணிக்கு, அவற்றைத் தத்தெடுத்த அம்மா போன் செய்தார். "கட்டிலுக்கு அடியிலே போய் உட்கார்ந்துட்டு வரவே மாட்டேங்குதுங்க." இழுக்க வேண்டாம், துண்டைக் கட்டிலோரம் போட்டுவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள் என்றேன். விடியற்காலையில் படம் வந்தது: துண்டின் மேல் கருப்பன், அதன் முதுகில் தலையை வைத்து சாம்பல்.